கடை வாசலில் பள்ளம்: வாடகையைக் குறைக்கச் சொல்லி நான் எழுதிய கடிதம்

ஒரு மாவட்டத் தலைநகரில் பதினோரு வருடமாகத் தையல் பொருள் கடை வைத்திருக்கிறேன். லைனிங் துணி, நூல், ஜிப், பட்டன், ஹூக், லேஸ், இதெல்லாம்தான் சரக்கு. வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் தைக்கும் பெண்கள். ஸ்கூட்டியைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ரவிக்கைத் துணியை நீட்டி, "அக்கா, இதுக்கு மேட்சா லைனிங் கொடுங்க" என்பார்கள். பத்து நிமிட வேலைதான். போன வருடம் தை பிறந்த கையோடு, பாதாளச் சாக்கடைக்கு என்று எங்கள் தெருவை நீளவாக்கில் தோண்டினார்கள். மூன்றே மாதத்தில் முடிந்துவிடும் என்றார்கள். கடைசியில் தார் போட்டது நவம்பர் மாதம் நடுவில். அந்தப் பத்து மாதத்தில் நான் பட்டதில் பாதி, கட்டட உரிமையாளரிடம் வாடகையைப் பற்றி எப்படிப் பேசுவது, எப்படி எழுதுவது என்று தெரியாததால் வந்தது. உங்கள் கடை முன்னால் நாளைக்கு ஜேசிபி வந்து நின்றால் நீங்கள் அந்தப் பாதியையாவது தவிர்க்கலாம் என்றுதான் எல்லாவற்றையும் கணக்கோடு எழுதுகிறேன்.

வாடகை மாதம் 22,000 ரூபாய். அட்வான்ஸ் இரண்டு லட்சம். பதினொரு மாத ஒப்பந்தம், புதுப்பிக்கும்போது ஐந்து சதவீதம் ஏற்றம். உரிமையாளர் ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர், மாடியில்தான் குடியிருக்கிறார். நான் "ஐயா" என்பேன், அவர் "ஏம்மா" என்று கூப்பிடுவார். இத்தனை வருடத்தில் எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் வந்ததில்லை. அதனால்தான் எழுதிக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரியும் பிப்ரவரியும் கையிலிருந்ததைப் போட்டு முழு வாடகை கட்டினேன். வாசலில் ஐந்தடிப் பள்ளம், அதன் மேல் ஒரு பலகை. சேலை கட்டிக்கொண்டு யார் அதில் நடந்து வருவார்கள்? வண்டியை முந்நூறு அடி தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். வெளிர் நிற லைனிங் கட்டுகளில் புழுதி படிந்து, மேல் மடிப்பெல்லாம் பழுப்பாகிவிட்டது. அப்படிக் கெட்டதைப் பாதி விலைக்குத் தள்ளியதில் மட்டும் பதினெட்டாயிரம் போல நஷ்டம். மார்ச் முதல் வாரத்தில் மாடிக்குப் போய், "ஐயா, வியாபாரமே இல்லை, வேலை முடியிற வரைக்கும் வாடகையைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா உதவியா இருக்கும்" என்றேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "பார்க்கலாம்மா" என்றார். எவ்வளவு என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இறங்கி வரும்போது மனசு லேசாக இருந்தது. அவர் சம்மதித்துவிட்டார் என்றே நம்பினேன்.

மார்ச் மாத வாடகையாக 15,000 ரூபாயை அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். அவர் எதுவும் சொல்லவில்லை. ஏப்ரலுக்கும் 15,000 அனுப்பினேன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. மே முதல் வாரம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. இரண்டு மாதமாக வாடகை குறைவாக வந்திருப்பதாகவும், 14,000 ரூபாய் பாக்கி நிற்பதாகவும், உடனே கட்டாவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாக எடுத்துக்கொள்ள நேரும் என்றும் வக்கீல் பாணியில் எழுதியிருந்தது. மாடியில் இருப்பவர் கீழே இருக்கும் எனக்குத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்து அழுதேன். கோபமும் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் தவறு என்னுடையதுதான். "பார்க்கலாம்" என்பது "சரி" ஆகாது. அவர் வாய் திறந்தோ எழுதியோ ஒரு தொகையைச் சொல்லாதவரை, குறைத்து அனுப்புகிற ஒவ்வொரு ரூபாயும் பாக்கிதான். அவர் பேசாமல் இருந்ததையும் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, என் கணவருக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தேன். தெருவே இல்லாதபோது முழு வாடகை கேட்க முடியாது என்று சட்டத்தில் ஏதாவது இருக்கும் என்ற நம்பிக்கையோடு போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவில், தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் கட்டடம் கணிசமாகவும் நிரந்தரமாகவும் பயன்படாமல் போனால் குத்தகையையே முடித்துக்கொள்ள வாடகைதாரருக்கு உரிமை உண்டு. ஆனால் என் கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசல் மட்டும்தான் அடைபட்டது, அதுவும் தற்காலிகமாக. 2020 ஊரடங்கின்போது டெல்லி கான் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஒருவர் வாடகையை நிறுத்திவைக்கக் கேட்டதை டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதையும் சொன்னார். கடையே பூட்டிக் கிடந்த காலத்துக்கே அந்த நிலை என்றால், சாலை வேலைக்கு என்ன கிடைக்கும்? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, கேட்டும் கட்டாவிட்டால் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடலாம் என்றார். "முதலில் பாக்கியைக் கட்டுங்க. அப்புறம் கேளுங்க. இது உங்க உரிமை கிடையாது, அவர் மனசு வைக்கணும். அந்த மாதிரி எழுதுங்க" என்றார். ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு விதி எழுதியிருந்தால் கதை வேறு. அதனால் உங்கள் ஒப்பந்தத்தை முதலில் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். என்னுடையதில் அப்படி ஒன்றும் இல்லை.

வளையலை அடகு வைத்து அறுபதாயிரம் வாங்கினேன். வட்டி மாதம் அறுநூறு. 14,000 பாக்கியை அன்றைக்கே கட்டினேன், மே, ஜூன் வாடகையையும் முழுதாகவே கட்டினேன். வலித்தது. ஆனால் பாக்கி வைத்துக்கொண்டு குறைக்கச் சொல்லிக் கேட்பதற்கும், பாக்கியில்லாமல் கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பிறகு புரிந்தது. பாக்கி நிற்கும்போது நீங்கள் எழுதும் எதுவும் சாக்குப்போக்காகத்தான் படிக்கப்படும்.

பக்கத்துக் கடைக்காரர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. செல்போன் கடைக்காரருக்குப் பழுதுபார்க்கும் வேலை அப்படியே வந்துகொண்டிருந்தது, அவருக்கு என் அளவு அடி இல்லை. எல்லோரும் ஒன்றாக நின்றால் பெரியவர் மிரண்டுபோவார் என்றும் தோன்றியது. கூட்டாகப் போக வேண்டியது சாலை வேலை செய்பவர்களிடம்தான். வாசலுக்கு அகலமான இரும்புத் தகடு போடச் சொல்லி நாங்கள் சேர்ந்து கேட்டு வாங்கினோம்.

கடிதம் எழுத உட்காரும் முன் மூன்று விஷயங்களைத் தேடி எடுத்தேன். முதலாவது, விற்பனைக் கணக்கு. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள் என்று நினைக்கிறேன். போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டால் அது எதையும் காட்டாது. எங்கள் தொழிலில் மே, ஜூன் பள்ளிச் சீருடை சீசன். சாலை நன்றாக இருந்தால் அப்போது விற்பனை ஏறியிருக்க வேண்டும். அதனால் முந்தைய வருடத்தின் ஏப்ரல், மே, ஜூனை எடுத்தேன். சராசரியாக மாதம் 2,40,000. இந்த வருடம் அதே மூன்று மாதத்தில் சராசரி 1,10,000. பில் புத்தகத்தின் மொத்தத்தையும், யுபிஐ வழியாக வந்த பணத்துக்கு வங்கி கொடுக்கும் மாதக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தாளில் எழுதினேன். முழுக் கணக்குப் புத்தகத்தையும் யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை, அந்த ஒரு தாள் போதும்.

இரண்டாவது, வேலை எப்போது முடியும் என்பதற்கு ஒரு எழுத்து ஆதாரம். "முடியிற வரைக்கும்" என்று கேட்டால் எந்த உரிமையாளருக்கும் வயிறு கலங்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மே மாதமே ஒரு மனுப் போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எங்கள் தெருவில் நடக்கும் வேலையின் பணி ஆணை நாள், முடிக்க வேண்டிய நாள், குழாய் பதித்தபின் தார் போடுவதும் அதே வேலையில் சேர்ந்ததா, இந்த மூன்றை மட்டும் கேட்டேன். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும், வந்தது. அக்டோபர் கடைசிக்குள் தார் உட்பட முடிக்க வேண்டும் என்று இருந்தது. மூன்றாவது, படங்கள். திங்கட்கிழமைதோறும் ஒரே இடத்தில் நின்று எடுத்த ஐந்தாறு படங்கள், பின்னால் தேதி எழுதியது. மாடியில் இருப்பவருக்குப் படம் எதற்கு என்று கேட்கலாம். அவர் மகன் வெளியூரில் இருக்கிறார், முடிவெடுப்பதில் அவருக்கும் பங்கு உண்டு. கடிதம் அவருக்கும் போகும் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம், எவ்வளவு கேட்பது? ஒரு இரவு முழுக்க இதில்தான் போனது. விற்பனை 1,10,000 என்றால், எனக்கு நிற்கும் இலாபம் நூற்றுக்கு 22 வீதம், அதாவது 24,200. கடையில் உதவிக்கு இருக்கும் பெண்ணுக்குச் சம்பளம் 9,000, மின்கட்டணம் 2,000. மிச்சம் 13,200. எனக்கென்று ஒரு ரூபாய்கூட எடுக்காமல் இருந்தாலும் வாடகைக்கு என்னால் தர முடிந்தது அவ்வளவுதான். அதனால் பாதியாகக் குறையுங்கள், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்றெல்லாம் எழுதாமல், 13,000 என்று எழுதினேன். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று அவரால் விரலால் தொட்டுப் பார்க்க முடிய வேண்டும்.

நான் கொடுத்த கடிதத்தை, பெயர்களை எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

பொருள்: சாலை வேலை நடக்கும் காலத்துக்கு மட்டும் கடை வாடகையைத் தற்காலிகமாகக் குறைத்துத் தர வேண்டுதல்.

வணக்கம். தங்கள் கட்டடத்தின் கீழ்த்தளக் கடையில் பதினோரு ஆண்டுகளாக இருந்து வருகிறேன். ஜூன் மாதம் வரை வாடகை முழுவதும் செலுத்தியுள்ளேன். மார்ச், ஏப்ரல் மாதங்களில் தங்கள் சம்மதத்தை உறுதி செய்யாமல் குறைத்து அனுப்பியது என் தவறு. அதற்கு வருந்துகிறேன்.

ஜனவரி முதல் கடையின் முன் சாலை தோண்டப்பட்டுள்ளதால் வாகனம் வர வழியில்லை. சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதச் சராசரி விற்பனை ரூ.2,40,000. இந்த ஆண்டு அதே மாதங்களில் ரூ.1,10,000. விவரத் தாள் இணைத்துள்ளேன். தார் போடும் வேலை உட்பட அனைத்தும் அக்டோபர் இறுதிக்குள் முடிய வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் வந்துள்ளது. அதன் நகலும் இணைத்துள்ளேன்.

எனவே ஜூலை முதல் அக்டோபர் வரை நான்கு மாதங்களுக்கு மட்டும் மாத வாடகையை ரூ.13,000 எனக் குறைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கடை முன் தார் போட்டு முடிந்தால், அதற்கு அடுத்த மாதம் முதலே ரூ.22,000 செலுத்துவேன். ஒப்பந்த வாடகை ரூ.22,000 என்பதில் மாற்றமில்லை. புதுப்பிக்கும்போது ஐந்து சதவீத உயர்வையும் அந்தத் தொகையின் மீதே கணக்கிட்டுக்கொள்ளலாம். அட்வான்ஸ் தொகையில் கழிக்குமாறு கேட்கவில்லை. ஒப்பந்தத்தின் மற்ற விதிகள் அப்படியே தொடரும்.

தங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்கும்வரை முழு வாடகையையே செலுத்தி வருவேன்."

இந்தக் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியது கடைசிக்கு முந்தைய பத்தி. பெரியவரின் பயம் நான்கு மாதத்துக்கு மாதம் ஒன்பதாயிரம் போவதைப் பற்றி மட்டும் அல்ல. ஒரு தடவை 13,000 வாங்கிவிட்டால் அதுவே வாடகையாக நின்றுவிடுமோ, நாளைக்கு இவள் வாடகையே அவ்வளவுதான் என்று வாதாடுவாளோ என்பதுதான். அட்வான்ஸில் கழியுங்கள் என்று பலர் சொல்வார்கள், நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். உரிமையாளருக்கு அட்வான்ஸ்தான் கடைசிப் பிடி. அதில் கை வைத்தால் காலி செய்யப் போகிறாள் என்ற சந்தேகம் வந்துவிடும்.

ஜூன் கடைசி ஞாயிறு காலை, இரண்டு நகல் எடுத்துக்கொண்டு நானே மேலே போய்க் கொடுத்தேன். பதில் அன்றைக்கே வேண்டும் என்று கேட்கவில்லை. நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார். "ஏம்மா, இதை முதல்லயே இப்படி எழுதிக் கொடுத்திருக்கலாமே" என்றார். அப்புறம்தான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். கட்டடத்துக்கு வாங்கிய கடனுக்கு வங்கித் தவணை மாதம் 14,200 ரூபாய், அது என் வாடகையில் இருந்துதான் போகிறது. 13,000 கொடுத்தால் அவர் ஓய்வூதியத்தில் இருந்து கை விட்டுப் போட வேண்டும். இது தெரியாமல் மார்ச்சில் நான் குறைத்து அனுப்பியபோது அவர் பதறியிருக்கிறார். இப்போது யோசித்தால், எழுதுவதற்கு முன்பே அவருக்கு அந்த வாடகை எதற்குப் போகிறது என்று கேட்டிருக்கலாம். இதைவிடச் சாதாரணமான கேள்வி கிடையாது.

பேசிப் பேசி இப்படி முடிந்தது. மாதம் 15,000 நான் கட்ட வேண்டும். மீதி 7,000-இல் 4,000 ரூபாய் அடியோடு தள்ளுபடி. 3,000 ரூபாய் தள்ளிவைப்பு, சாலை சரியான பிறகு முழு வாடகையோடு சேர்த்து மாதம் மூவாயிரமாகத் திருப்பித் தர வேண்டும். இந்தத் தள்ளுபடி, தள்ளிவைப்பு இரண்டையும் தயவுசெய்து தனித்தனியாக எழுதிவிடுங்கள். பேச்சில் இரண்டுக்கும் "இப்போதைக்குக் குறைச்சுக் கொடு" என்ற ஒரே வார்த்தைதான் வரும். ஆறு மாதம் கழித்து, மொத்தமும் தள்ளுபடி என்று நீங்களும், மொத்தமும் பாக்கி என்று அவரும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு நகலின் கீழேயும் தொகைகளை எழுதி, "மேற்கண்டபடி சம்மதம்" என்று அவர் தேதியோடு கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் பணம் அனுப்பும்போது குறிப்பில் "ஜூலை வாடகை, கடிதப்படி" என்று மாதப் பெயரோடு எழுதினேன்.

ஆகஸ்டில் ஒரு சிக்கல் வந்தது. குழாய் பதித்து, மண் மூடி, மேலே ஜல்லி கொட்டிப் பரப்பினார்கள். அவர் மகன் போனில், வேலை முடிந்துவிட்டதே, செப்டம்பரில் இருந்து பழைய வாடகைதானே என்றார். ஜல்லியில் ஸ்கூட்டி சறுக்கும், மழை பெய்தால் மண் உள்வாங்கிப் பழையபடி குழியாகும். பார்க்கிறவருக்குச் சாலை திரும்பிவிட்டது போலத் தெரியும், வாடிக்கையாளர் திரும்பியிருக்க மாட்டார். கடிதத்தில் "கடை முன் தார் போட்டு முடிந்தால்" என்று இருந்ததால் அந்தப் பேச்சு அன்றோடு நின்றது. "சாலை வேலை முடிந்தால்" என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்குச் சொல்ல வழியில்லை.

அக்டோபரில் தார் போடவில்லை. இந்தத் தடவை நான் காத்திருக்கவில்லை. இருபதாம் தேதியே, நவம்பருக்கும் அதே ஏற்பாட்டை நீட்டிக்கக் கேட்டு நான்கு வரிக் கடிதம் கொடுத்து, அதிலும் கையெழுத்து வாங்கினேன். நவம்பர் நடுவில் தார் போட்டார்கள். டிசம்பரில் இருந்து முழு வாடகை. ஒன்று சொல்ல வேண்டும், தார் போட்ட மறுநாளே வியாபாரம் வந்துவிடாது. பழகிய பெண்கள் பலர் பஸ் நிலையம் பக்கம் வேறு கடைக்குப் போய்விட்டிருந்தார்கள். டிசம்பர் விற்பனை ஒன்றரை லட்சத்தைத் தொடவில்லை. திரும்ப எழுதுவதாக இருந்தால், தார் போட்டபின் ஒரு மாதம் கூடுதலாகக் குறைந்த வாடகைக்குக் கேட்பேன். திருப்பிக் கட்டுவதை டிசம்பரில் தொடங்காமல் ஜனவரிக்கு வைத்தது மட்டும்தான் எனக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தது.

ஐந்து மாதத்தில் எனக்குத் தள்ளுபடியாகக் கிடைத்தது 20,000 ரூபாய். மார்ச்சில் மாடிப்படி ஏறியபோதே கையில் இப்படி ஒரு கடிதம் இருந்திருந்தால், இதே விகிதத்தில் நான்கு மாதத்துக்கு இன்னும் 16,000 மிச்சமாகியிருக்கும், வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்காது. அந்தப் பதிவுத் தபால் வந்த நாளும் வந்திருக்காது. எனக்கு அதுதான் பெரிய நஷ்டம். இரண்டு மாதம் நாங்கள் இருவரும் படியில் எதிரெதிரே வந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போனோம்.

தள்ளிவைத்த 15,000-ஐ ஜனவரியில் இருந்து மே வரை ஐந்து தவணையாகக் கட்டினேன். இடையில் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள் வந்தபோது, இன்னும் எவ்வளவு தர வேண்டும் என்பதைப் புது ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டோம். கடைசித் தவணை கட்டிய அன்று என் நகலை எடுத்துக்கொண்டு மேலே போனேன். பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பின்பக்கத்தில் "தள்ளிவைத்த தொகை முழுவதும் பெற்றேன்" என்று எழுதித் தேதி போட்டார். அவர் வீட்டு அம்மா காபி கொண்டுவந்து வைத்தார்கள்.